ரூபாய் சரிந்ததும் பற்றாக்குறை ஏன் முதலில் கூடுகிறது? ஜே-வளைகோட்டைத் தேர்வில் எழுதும் முறை

மொரிஷியஸில் எச்.எஸ்.சி. பொருளியல் எழுதும் பிள்ளைகளின் விடைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "ரூபாயின் மதிப்பு குறைந்தால் நம் ஏற்றுமதி வெளிநாட்டாருக்கு மலிவாகும், இறக்குமதி நமக்கு விலை கூடும், ஆகவே வர்த்தகப் பற்றாக்குறை குறையும்." ஒவ்வொரு துண்டும் சரிதான். ஆனால் அந்த 'ஆகவே'க்குள் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ காணாமல் போய்விடுகிறது. கேள்வி கேட்பதோ அந்தக் காணாமல் போன காலத்தைப் பற்றித்தான்.

வீட்டுப் பேச்சில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. "ரூபாய் இவ்வளவு இறங்கியும் பற்றாக்குறை கூடிக்கொண்டேதானே போகிறது, அப்புறம் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பொய்யா?" என்று கேட்பார்கள். பொய்யில்லை. முதல் சில மாதங்களில் நடப்பது ஒன்று, பிறகு நடப்பது வேறு. இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் கிடைப்பதுதான் ஜே-வளைகோடு.

## மூன்று சொற்கள் மட்டும்

ஒரு நாடு விற்ற சரக்கின் மொத்த மதிப்பிலிருந்து அது வாங்கிய சரக்கின் மொத்த மதிப்பைக் கழித்தால் வருவது வர்த்தகச் சமநிலை. அது எதிர்மறையாக இருந்தால் பற்றாக்குறை. இங்கே 'மதிப்பு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மதிப்பு என்றால் விலையை அளவால் பெருக்கியது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பெருக்கலைச் சுற்றித்தான் நடக்கிறது.

சந்தையில் ஒரு நாணயம் மற்ற நாணயங்களுக்கு எதிராகத் தானே இறங்கினால் அது மதிப்புச் சரிவு. மாற்று விகிதத்தை நிலையாக வைத்திருக்கும் அரசு ஒரு நாள் அறிவித்துக் குறைத்தால் அது மதிப்பிறக்கம். ஜே-வளைகோடு இரண்டுக்குமே பொருந்தும். ஆனால் விடையில் ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் மதிப்பெண் போகும்.

மூன்றாவது, நெகிழ்ச்சி. விலை ஒரு சதவீதம் மாறும்போது வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே விலைசார் தேவை நெகிழ்ச்சி. பெட்ரோல் விலை ஏறிய மறுநாள் யாரும் பாதி பெட்ரோல் போடுவதில்லை. அங்கே நெகிழ்ச்சி மிகக் குறைவு.

## ஒரு தையற்கடையில் நடப்பது

ரோஸ் ஹில்லில் ஒரு தையற்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி இந்தியாவிலிருந்து வருகிறது, விலை டாலரில். கல்யாண சீசனுக்கு வேண்டிய உடைகளுக்கு ஆர்டர் வாங்கியாயிற்று, வாடிக்கையாளரிடம் ரூபாயில் விலையும் சொல்லியாயிற்று. ஓர் உடைக்கு வேண்டிய துணி 10 டாலர். டாலர் 40 ரூபாயாக இருந்தபோது துணிச் செலவு 400 ரூபாய்.

இப்போது டாலர் 44 ரூபாய் ஆகிவிட்டது. அதே துணி, அதே 10 டாலர், ஆனால் 440 ரூபாய். தைத்துக் கொடுக்கும் உடையின் விலையை ஏற்ற முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. துணியைக் குறைத்து வாங்கவும் முடியாது, உடைகளை முடித்தாக வேண்டும். ஆகையால் கடைக்கு அந்த சீசன் முழுக்க நஷ்டம்.

சில மாதம் போகட்டும். ரூபாய் யூரோவுக்கு எதிராகவும் இறங்கியிருந்தால், ரீயூனியனிலிருந்து வருபவர்களுக்கு அந்தக் கடையின் விலை அவர்கள் ஊரைவிட மலிவாகத் தெரியும். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். கடைக்காரரும் டாலரில் வாங்கும் துணியில் கொஞ்சத்தை விட்டுவிட்டு உள்ளூரில் கிடைப்பதைத் தேடுவார். கடையின் கணக்கு அப்போதுதான் திரும்பும். நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் காரணம் ஒரே விலை மாற்றம். விலை உடனே மாறியது, அளவு மெதுவாக மாறியது, அவ்வளவுதான்.

நாட்டுக்கும் இதே கதை. மதிப்புச் சரிவு விலையை ஒரே நாளில் மாற்றிவிடும். அளவு மாறுவதற்குப் பழைய ஒப்பந்தங்கள் முடிய வேண்டும், பழக்கம் மாற வேண்டும். இந்த இடைவெளியில்தான் வளைகோடு கீழே போகிறது.

## கணக்காகப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம், எண்களும் கற்பனையே. மாதம் 10 கோடி டாலருக்கு இறக்குமதி, டாலர் 40 ரூபாய், ஆகவே 400 கோடி ரூபாய். ஏற்றுமதிக்கு ரூபாயில் விலை பேசப்படுகிறது, மாதம் 320 கோடி ரூபாய். பற்றாக்குறை 80 கோடி. டாலர் ஒரே நாளில் 44 ரூபாய் ஆகிறது.

| காலம் | இறக்குமதி (கோடி டாலர்) | இறக்குமதி (கோடி ரூபாய்) | ஏற்றுமதி (கோடி ரூபாய்) | பற்றாக்குறை (கோடி ரூபாய்) |
|---|---|---|---|---|
| சரிவுக்கு முன் | 10.0 | 400.0 | 320.0 | 80.0 |
| முதல் மாதம் | 10.0 | 440.0 | 320.0 | 120.0 |
| ஆறாம் மாதம் | 9.6 | 422.4 | 339.2 | 83.2 |
| பதினெட்டாம் மாதம் | 9.1 | 400.4 | 361.6 | 38.8 |

முதல் மாதத்தைப் பாருங்கள். நாடு ஒரு மூட்டைகூட அதிகமாக இறக்குமதி செய்யவில்லை, டாலர் கணக்கில் அதே 10 கோடிதான். ஆனால் ரூபாயில் 40 கோடி கூடிவிட்டது. "மதிப்புச் சரிவுக்குப் பிறகு இறக்குமதி அதிகரிக்கிறது" என்று எழுதினால் தேர்வாளருக்கு நீங்கள் அளவைச் சொல்கிறீர்களா, மதிப்பைச் சொல்கிறீர்களா என்றே தெரியாது. "இறக்குமதி அளவு மாறவில்லை, ரூபாயில் இறக்குமதிச் செலவு கூடியது" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரியை வைத்தே விஷயம் புரிந்து எழுதியவரையும் மனப்பாடம் செய்தவரையும் பிரித்துவிடலாம்.

ஆறாம் மாதத்தில் இறக்குமதி அளவு 4 சதவீதம் குறைந்திருக்கிறது, ஏற்றுமதி அளவு 6 சதவீதம் கூடியிருக்கிறது. இருந்தும் பற்றாக்குறை இன்னும் பழைய 80 கோடிக்கு வரவில்லை. பதினெட்டாம் மாதத்தில் இறக்குமதி அளவு 9 சதவீதம் குறைவு, ஏற்றுமதி அளவு 13 சதவீதம் கூடுதல். இப்போதுதான் பற்றாக்குறை பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. 80, 120, 83, 39 என்ற இந்த நான்கு எண்களையும் எதிர்மறைப் பக்கத்தில் குறித்து இணைத்தால் ஜே எழுத்தின் வடிவம் வரும்.

## எந்த நாணயத்தில் விலை பேசினார்கள்?

பாடப்புத்தகங்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. மேலே ஏற்றுமதிக்கு ரூபாயில் விலை பேசியதாக வைத்துக்கொண்டோம். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அந்த வழக்கம் உண்டு, அவர்கள் தங்கள் நாணயத்திலேயே விற்பார்கள். மொரிஷியஸின் ஆடைத் தொழிற்சாலை பாரிஸுக்கோ லண்டனுக்கோ அனுப்பும் சட்டைக்கு மொரிஷியஸ் ரூபாயில் விலை பேசுவது அபூர்வம். யூரோ, பவுண்டு, டாலர், இவற்றில் ஒன்றுதான்.

அப்படியானால் கணக்கு மாறும். ஏற்றுமதி மாதம் 8 கோடி டாலர் என்று வையுங்கள். பழைய விகிதத்தில் 320 கோடி ரூபாய், புதிய விகிதத்தில் 352 கோடி ரூபாய். இறக்குமதி 440 கோடி. முதல் மாதப் பற்றாக்குறை 88 கோடிதான், 120 கோடி அல்ல. டாலரில் பார்த்தால் பற்றாக்குறை 2 கோடியிலிருந்து அசையவே இல்லை. ஜே-வின் கீழ்வளைவு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

ஏற்றுமதியாளருக்கோ ஒரே டாலருக்கு அதிக ரூபாய் கிடைக்கிறது. அவர் டாலர் விலையை அப்படியே வைத்து லாபத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது டாலர் விலையைக் குறைத்து அதிகம் விற்கலாம். முதல் வழியில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எந்த மலிவும் தெரியாது. அப்போது ஏற்றுமதி அளவு கூட வேண்டுமானால், கூடுதல் லாபத்தைப் பார்த்துத் தொழிற்சாலைகள் விரிவடைந்து, புதிய வாடிக்கையாளரைப் பிடித்தாக வேண்டும். அது இன்னும் மெதுவான பாதை.

ஆகவே கீழ்வளைவு எவ்வளவு ஆழம் என்பது, இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் எந்த நாணயத்தில் விலை பேசப்பட்டது, சமநிலையை எந்த நாணயத்தில் அளக்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்தது. விடையின் தொடக்கத்திலேயே "உள்நாட்டு நாணயத்தில் அளந்தால்" என்று எழுதிவிடுங்கள்.

## அளவு ஏன் உடனே மாறுவதில்லை?

ஒப்பந்தம்தான் முதல் காரணம். கப்பலில் வந்துகொண்டிருக்கும் சரக்கு போன மாதமோ அதற்கு முன்போ ஆர்டர் கொடுத்தது. ஆடை வாங்கும் ஐரோப்பியக் கடைகள் அடுத்த சீசனுக்கான ஆர்டரைப் பல மாதம் முன்னரே முடித்துவிடும். மாற்று விகிதம் இன்று மாறினாலும் அடுத்த சீசனின் ஆர்டரில்தான் அது தெரியும்.

மாற்றுப் பொருள் இல்லாமை அடுத்தது. மொரிஷியஸில் எண்ணெய் கிடையாது. அரிசி, கோதுமை, மருந்து எல்லாம் கப்பலில்தான் வருகின்றன. விலை ஏறினால் எதற்கு மாறுவது? தவிர, பெட்ரோல், டீசலின் பம்ப் விலை இங்கே தினந்தோறும் சந்தையோடு ஏறி இறங்குவதில்லை, அரசு அமைத்த குழு அதை நிர்ணயிக்கிறது. ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வெளியே டாலரில் அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது காரோட்டுபவர் அதே பழைய விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். விலை ஏறியதே அவருக்குத் தெரியாதபோது அளவு எப்படிக் குறையும்? குடும்பங்களைக் காக்கும் அந்த ஏற்பாடு ஜே-வின் கீழ்ப்பகுதியை நீட்டவும் செய்கிறது. இதை விடையில் ஒரு வரி எழுதினால், ஊரின் நிலவரம் தெரிந்தவர் எழுதியது என்று புரியும்.

மூன்றாவது, உற்பத்தித் திறன். ஆர்டர் வந்தாலும் தையல் இயந்திரமும் ஆளும் நூலும் வேண்டும். அந்த நூலும் துணியும் பெரும்பாலும் இறக்குமதி. மதிப்புச் சரிவு ஏற்றுமதியாளரின் செலவையும் தூக்கிவிடுவதால், அவருக்குக் கிடைக்கும் சாதகம் மாற்று விகித மாற்றம் காட்டுவதைவிடச் சிறியது.

## மார்ஷல்-லெர்னர் நிபந்தனை இங்கே எங்கு வருகிறது?

ஏற்றுமதித் தேவை நெகிழ்ச்சியையும் இறக்குமதித் தேவை நெகிழ்ச்சியையும் கூட்டினால் ஒன்றுக்கு மேல் வந்தால்தான் மதிப்புச் சரிவு வர்த்தகச் சமநிலையை மேம்படுத்தும். இதுவே மார்ஷல்-லெர்னர் நிபந்தனை. ஆல்ஃபிரட் மார்ஷல், ஆபா லெர்னர் என்ற இரு பொருளியலாளர்களின் பெயரால் வழங்குகிறது.

மாணவர்கள் இதையும் ஜே-வளைகோட்டையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் படித்துவிடுகிறார்கள். உண்மையில் ஒன்றை வைத்துத்தான் மற்றதை விளக்க வேண்டும். குறுகிய காலத்தில் நெகிழ்ச்சிகளின் கூட்டுத்தொகை ஒன்றுக்குக் கீழ், அதனால் சமநிலை மோசமாகிறது. காலம் போகப் போக அது ஒன்றைத் தாண்டுகிறது, அதனால் மேம்படுகிறது. ஜே-வளைகோடு என்பது நிபந்தனை நிறைவேறாத காலத்திலிருந்து நிறைவேறும் காலத்துக்குப் போகும் பாதை.

நம் அட்டவணையில் இது தெரிகிறது. விலை மாற்றம் 10 சதவீதம். ஆறாம் மாதத்தில் இறக்குமதி 4, ஏற்றுமதி 6, அதாவது நெகிழ்ச்சிகள் 0.4, 0.6. கூட்டினால் சரியாக 1. அப்படியானால் பற்றாக்குறை பழைய 80 கோடிக்குத் திரும்பியிருக்க வேண்டாமா? 83.2 கோடியில் நிற்கிறதே? காரணம், அந்த நிபந்தனை ஏற்றுமதியும் இறக்குமதியும் ஏற்கெனவே சமமாக இருக்கும் நாட்டுக்காக எழுதப்பட்டது. தொடக்கத்திலேயே பற்றாக்குறை இருந்தால் விலை ஏறும் பக்கம் பெரிதாக இருக்கும், உள்நாட்டு நாணயக் கணக்கில் ஒன்றுக்கு மேலும் கொஞ்சம் வேண்டியிருக்கும். பதினெட்டாம் மாதத்தில் 0.9, 1.3. கூட்டினால் 2.2. இது தாராளமாகப் போதும்.

## நிஜத்தில் நடந்த இரண்டு

1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கியது, ஏறக்குறைய 14 சதவீதம். அந்த நாட்களில் மொரிஷியஸ் ரூபாயும் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1968இல் பிரிட்டனின் நடப்புக் கணக்கு, அதாவது சரக்கோடு சேவையையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, பற்றாக்குறையிலேயே இருந்தது. மதிப்பிறக்கம் தோற்றுவிட்டது என்ற பேச்சும் எழுந்தது. 1969இல் நடப்புக் கணக்கு உபரிக்கு வந்தது.

மற்றது அமெரிக்கா. டாலர் 1985இன் தொடக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், டாலரை இறக்க ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்படிக்கை அதை மேலும் இறக்கியது. ஆனால் அமெரிக்க வர்த்தகப் பற்றாக்குறை 1987 வரை கூடிக்கொண்டே போய், அதன் பிறகுதான் இறங்கியது. இரண்டு வருஷத்துக்கும் மேல். இவ்வளவு நீண்டதற்கு ஒரு காரணம், டாலர் தொடர்ந்து சரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு புதிய சரிவும் ஒரு புதிய ஜே-வைத் தொடங்கிவைக்கும். ஒன்று மேலே ஏறும் முன் அடுத்தது கீழே இழுக்கும்.

## மொரிஷியஸை உதாரணமாக எழுதுபவர்கள் கவனிக்க

நம் ஊர் உதாரணம் எழுதுவது நல்லதுதான், ஆனால் இரண்டு இடங்களில் கால் வழுக்கும்.

முதலாவது சர்க்கரை. ஐரோப்பாவுடனான சர்க்கரை உடன்பாடு 1975இலிருந்து 2009 வரை நடப்பில் இருந்தது. அதன்படி மொரிஷியஸ் ஒரு குறிப்பிட்ட அளவு சர்க்கரையை உத்தரவாத விலைக்கு அனுப்பியது. அளவு ஒதுக்கீட்டால் கட்டப்பட்டது, விலை ஐரோப்பியக் கணக்கு நாணயத்தில். 1979இலும் 1981இலும் ரூபாயின் மதிப்பை இறக்கியபோது அந்த ஒதுக்கீட்டுச் சர்க்கரைக்கு ரூபாயில் வருமானம் கூடியிருக்கும். ஆனால் ரூபாய் மலிந்தது என்பதற்காக ஐரோப்பா ஒரு டன்கூட அதிகம் வாங்கக் கடமைப்படவில்லை. ஜே-வின் மேலேறும் பகுதிக்கு அளவு கூட வேண்டும். அந்த வேலையைச் செய்ய முடிந்தது, 1970இன் சட்டத்தால் உருவான ஏற்றுமதி மண்டலத்தின் ஆடைத் தொழிற்சாலைகளால்தான்.

இரண்டாவது 2020. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ரூபாய் டாலருக்கு எதிராகச் சரிந்தது, அதனால் பலர் அதை ஜே-வளைகோட்டின் சான்றாக எழுதுகிறார்கள். ஆனால் 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது, 2021 அக்டோபர் 1 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. சுற்றுலா வருமானம் நின்றதே ரூபாய் சரிய ஒரு காரணம். 2022இல் உலக எண்ணெய் விலையே டாலரில் ஏறியது. அதனால் கூடிய இறக்குமதிச் செலவை மதிப்புச் சரிவின் கணக்கில் எழுத முடியாது. எதைப் பார்த்தால் தெரியும்? இறக்குமதியின் டாலர் விலை மாறியதா, அளவு மாறியதா, மாற்று விகிதம் மட்டும் மாறியதா என்று மூன்றாகப் பிரியுங்கள். மாற்று விகிதத்தால் வந்த பங்கு மட்டுமே ஜே-வுக்குச் சொந்தம். அப்புறம், ஹோட்டல் வருமானம் சேவைக் கணக்கில் வரும், சரக்கு வர்த்தகச் சமநிலையில் வராது. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

## விடைத்தாளில்

படத்தை முதலில் வரையுங்கள். கிடைக்கோடு காலம். செங்குத்துக் கோடு வர்த்தகச் சமநிலை, நடுவில் பூச்சியம். வளைகோட்டைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமில்லை. பற்றாக்குறையில் இருக்கும் நாடு என்றால் பூச்சியத்துக்குக் கீழே தொடங்கி, இன்னும் கீழே இறங்கி, பிறகு தொடக்கப் புள்ளியைத் தாண்டி மேலே போக வேண்டும். செங்குத்துக் கோட்டில் மாற்று விகிதத்தை எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை, அதோடு படம் முழுதும் வீண். தொடக்கப் புள்ளி, அடிப்புள்ளி, தொடக்க நிலையை மீண்டும் எட்டும் புள்ளி என்று மூன்றுக்கும் முறையே அ, ஆ, இ என எழுத்துப் போட்டு, விளக்கத்தில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும், விடையின் உள்ளடக்கம் இப்படி ஓடலாம்:

"மதிப்புச் சரிவு நடந்த உடனே, வெளிநாட்டு நாணயத்தில் விலை பேசிய இறக்குமதியின் விலை உள்நாட்டு நாணயத்தில் கூடுகிறது. ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்களாலும், எரிபொருள் போன்றவற்றுக்கு மாற்று இல்லாததாலும் இறக்குமதி அளவு குறைவதில்லை. ஆகவே இறக்குமதிச் செலவு கூடுகிறது. ஏற்றுமதி அளவும் உடனே கூடுவதில்லை. குறுகிய காலத்தில் நெகிழ்ச்சிகளின் கூட்டுத்தொகை ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால் சமநிலை அ-விலிருந்து ஆ-வுக்கு இறங்குகிறது. ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டு, நுகர்வோர் மாற்றுப் பொருளுக்கு நகர்ந்து, உற்பத்தியாளர் திறனைக் கூட்டிய பிறகு கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டுகிறது. சமநிலை இ-யைக் கடந்து தொடக்க நிலையைவிட மேம்படுகிறது."

'விளக்குக' என்ற கேள்விக்கு இது போதும். 'ஆராய்க' என்று கேட்டால் எல்லையையும் சொல்ல வேண்டும். நான்கைந்து எல்லைகளை ஒவ்வொரு வரியில் அடுக்குவதைவிட, ஒன்றை எடுத்து முழுதாகக் கொண்டுபோவது நல்லது. நான் தேர்ந்தெடுப்பது பணவீக்கம். இறக்குமதி விலை ஏறுவதால் உள்நாட்டு விலைகள் ஏறுகின்றன, தொழிலாளர் கூலி உயர்வு கேட்கிறார்கள், ஏற்றுமதியாளரின் செலவு கூடுகிறது. டாலர் 10 சதவீதம் ஏறியிருக்க, நம் உற்பத்திச் செலவும் நாளடைவில் 10 சதவீதம் ஏறிவிட்டால், வெளிநாட்டாருக்கு நம் பொருள் மலிவாக இருந்த காலம் முடிந்துபோகிறது. அப்போது வளைகோடு ஜே-வின் மேற்கொம்பை எட்டாமல் பாதியிலேயே மறுபடி கீழே திரும்பும். அந்தத் திரும்பலைப் படத்தில் ஒரு புள்ளிக்கோடாக வரைந்து, அது எந்த மாதத்தில் திரும்பும் என்பதைக் கூலி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது தீர்மானிக்கும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.